கடை திறந்த சேதியை நன்றியோடு சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை பார்த்த ஒருவர், அதை விட்டுவிட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்து அருமனையில் தேன் வடித்து விற்கும் சிறு கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டே போகின்றன. ஆள் கற்பனை, தேனும் சட்டமும் நிஜம்.

தொழில் தொடங்குற விஷயத்தை நாலு பேருக்குச் சொல்லணும், ஆனா பீத்திக்கிற மாதிரி இருக்கக் கூடாது. எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?

ஒரு தாளிலிருந்து. செய்தியை எழுத உட்காரும் முன், யார் செய்த எந்தக் காரியம் இல்லாவிட்டால் இந்தக் கடை திறந்திருக்காதோ, அந்தக் காரியங்களை மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் அவர் செய்தது, அது நடந்த காலம். வலப்பக்கம் காலியாக இருக்கும் பெயர்களை அடித்துவிடுங்கள். அவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கலாம். ஆனால் இந்தச் செய்தியில் அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு பேர் மிஞ்சுவார்கள். பத்துக்கு மேல் போனால் வலப்பக்கத்தில் "ஊக்கம் தந்தார்", "உறுதுணையாக இருந்தார்" போன்ற சொற்கள் புகுந்திருக்கின்றன என்று பொருள். அவை காரியம் ஆகாது.

அடுத்து, மிஞ்சியவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். செய்தி போவதற்கு இரண்டு நாள் முன்பாவது இது நடக்க வேண்டும். தொழில் கற்றுத் தந்தவர் உங்கள் கடை திறப்பைச் சர்ச் வாட்ஸாப் குரூப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டால், அதற்குள் அவரைப் பற்றி நீங்கள் எழுதிய எவ்வளவு நல்ல வரியும் உறைக்காது. அந்த அழைப்பிலேயே இன்னொன்றையும் கேட்டுவிடலாம்: "இப்படி எழுதப்போறேன், உங்க பேரைப் போடலாமா?" சிலர் வேண்டாம் என்பார்கள். அதற்குக் காரணம் இருக்கும், கிண்ட வேண்டாம்.

இது நான் எழுதி வச்சிருக்கறது. எங்கே இடிக்குதுன்னு சொல்லுங்க.

> *நண்பர்களே! ஒன்பது வருட ஐ.டி. வேலையைத் துணிந்து உதறினேன். எத்தனையோ தடைகளைத் தாண்டினேன். கடின உழைப்பால் இன்று அருமனையில் சொந்தத் தேன் நிறுவனம் தொடங்கிவிட்டேன். மார்த்தாண்டத்தின் நம்பர் ஒன் தேன், சர்க்கரை நோயையும் கட்டுப்படுத்தும். என்னை நம்பாதவர்களுக்கும் நன்றி. இறைவனுக்கும் பெற்றோருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் நன்றி.*

முதலில் வினைமுற்றுகளைப் பாருங்கள். "நான்" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அதனால் அடக்கமாக எழுதிவிட்டதாகத் தோன்றும். தமிழில் "நான்" வினையின் வாலில் ஒளிந்திருக்கும். உதறினேன், தாண்டினேன், தொடங்கிவிட்டேன் என்று முதல் மூன்று வாக்கியங்களும் "-ஏன்" என்று முடிகின்றன. இதற்கு மருந்து "தொடங்கப்பட்டுள்ளது" என்று செய்தித்தாள் நடைக்குத் தாவுவது இல்லை. அது யார் செய்தார் என்பதையே மறைத்து, அரசு அறிவிப்புபோல ஆக்கிவிடும். எழுவாயை மாற்றுங்கள். "தேன் எடுக்கக் கற்றேன்" என்பதற்குப் பதில் "அண்ணாச்சி கற்றுத் தந்தார்." சேதி ஒன்றுதான், வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் மாறிவிட்டார்.

"துணிந்து உதறினேன்" என்பதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் அதே வேலைக்குத் தினமும் காலை ரயிலையோ பஸ்ஸையோ பிடித்துப் போகிறவர்கள். உதறத்தக்க ஒன்றில்தான் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லாமல் சொல்கிறீர்கள். "வேலை போன மாதத்தோடு முடிந்தது" என்றால் போதும்.

"என்னை நம்பாதவர்களுக்கும் நன்றி" என்ற வரி நன்றி வேடம் போட்ட குத்தல். அது யாரைக் குறிக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் தங்களையோ என்று சந்தேகப்படுவார்கள். இரண்டுமே கடைக்கு நல்லதில்லை.

கடைசி வரி எவருக்கும் எதுவும் சொல்லவில்லை. அதே வரியை எடுத்துக் கல்யாண நோட்டீஸில் ஒட்டினாலும் பொருந்தும். சர்க்கரை நோய் வரி தனிச் சிக்கல். அதைக் கீழே பார்ப்போம்.

சரி, அதையே எப்படித்தான் எழுதறது?

> *வரும் திங்கள் முதல் அருமனையில் தேன் வடித்துப் பாட்டிலில் அடைத்து விற்கும் சிறு கடை ஒன்று நடத்தப்போகிறேன். திருவனந்தபுரத்து மென்பொருள் வேலை போன மாதத்தோடு முடிந்தது.*
>
> *தேன் எடுக்கச் சொல்லித் தந்தவர் ஆற்றூர் அண்ணாச்சி. இரண்டு வருடம் ரப்பர் சீசனில் ஞாயிறுதோறும் தம் பெட்டிகளைத் திறந்து காட்டினார். அடையில் முக்கால் பங்காவது மெழுகு மூடாமல் எடுத்தால் தேன் புளிக்கும் என்று முன்பே சொன்னார். கேட்காமல் எடுத்த ஒரு வாளி புளித்தபோது, திட்டாமல் மறுபடியும் காட்டித் தந்தார்.*
>
> *பாட்டில் அடைக்கும் இடம் சித்தி வீட்டுப் பின்னறை. அந்த சீசன்களில் என் சனிக்கிழமை ஷிஃப்டைத் தானே பார்த்துக்கொண்டவர் பழைய அலுவலக நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம் என்றார். லேபிளில் எடை தவறாக இருந்ததை அச்சுக்குப் போகும் முன் கண்டுபிடித்தவள் என் மனைவி.*
>
> *இப்போதைக்கு அரைக் கிலோ பாட்டில் மட்டும். வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. வீட்டில் இருக்கும் தேன் உறைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பதற்கும் இந்த எண்ணில் கூப்பிடலாம்.*

இதில் கவனிக்க வேண்டியது அந்தப் புளித்த வாளி. தேனீக்கள் தேனின் ஈரத்தை வற்றவைத்த பிறகுதான் அறைகளை மெழுகால் மூடும். மூடுவதற்கு முன் எடுத்தால் ஈரம் அதிகமாக இருக்கும், ஈஸ்ட் வேலை செய்து நுரைக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தர அளவும் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இது தெரிந்தவர் அந்த வாக்கியத்தைப் படித்ததும் "இவனுக்குத் தொழில் தெரியும்" என்று முடிவு செய்துவிடுவார். தெரியாதவருக்கு அண்ணாச்சியின் பொறுமை தெரியும். "தரமான தேன்" என்ற சொல் செய்ய முடியாத வேலையை, தன் தவறைச் சொல்லும் ஒரு வரி செய்துவிடுகிறது. நன்றியைக் காரியத்தோடு சேர்த்து எழுதினால் விளம்பரம் தனியாகத் தேவைப்படாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆனால் தவறு உங்களுடையதாக இருக்க வேண்டும். அண்ணாச்சியின் பெட்டியில் போன வருடம் நோய் விழுந்த கதையை, அவர் எப்படி மீண்டார் என்று புகழ்வதற்காகக்கூட எழுதக் கூடாது. அவரும் தேன் விற்கிறவர்.

உறைந்த தேன் பற்றிய கடைசி வரியும் சும்மா வைத்ததில்லை. ரப்பர் தோட்டத்துப் பெட்டிகளில் எடுக்கும் தேன் சீக்கிரம் உறையும் இயல்புள்ளது. உறைந்ததைப் பார்த்துச் சர்க்கரை கலந்தது என்று சந்தேகப்படுகிறவர்கள் ஏராளம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகும் என்பதைக் கேட்க ஒருவர் கூப்பிட்டால், அந்தப் பேச்சு உங்களுக்கும் அவருக்கும் பயன்படும்.

ஒருத்தர் பேரை விட்டாலும் மாமா முறுக்கிக்குவாரு. எல்லாரையும் போட்டுட்டா என்ன?

போட்டால் மாமா முறுக்கிக்கொள்வது நிற்காது. பெயர் எத்தனையாவதாக வந்தது என்ற கணக்கு தொடங்கும். திறப்பு விழா நோட்டீஸ் அச்சடித்தவர்களுக்கு இது தெரியும். முன்னிலை, தலைமை, வாழ்த்துரை என்று மூன்று தட்டு வைத்தும் நாலாவதாக ஒருவர் வருத்தப்படுவார்.

செய்தியில் இதைத் தவிர்க்க வழி, அதை உறவுப் பட்டியலாகத் தெரியவிடாமல் வேலைப் பட்டியலாக வைத்துக்கொள்வதுதான். மேலே உள்ளதில் கற்றுத் தந்தது, இடம் தந்தது, நேரம் தந்தது, பிழை பார்த்தது என்று நான்கு வேலைகள் இருக்கின்றன. சித்தி அங்கே சித்தி என்பதற்காக வரவில்லை, பின்னறைக்காக வந்தார். மாமாவுக்கு அறை கேட்கப்படவில்லை என்பது மாமாவுக்கே தெரியும். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கடை திறக்கும் அன்று காலையில் வந்து குத்துவிளக்கு ஏற்றவோ ஜெபம் சொல்லவோ கேளுங்கள். செய்தியில் ஒரு பெயராக இருப்பதைவிட அதைத்தான் பெரும்பாலானவர்கள் விரும்புவார்கள்.

கடன் கொடுத்தவருக்கும், மானியத்துக்கு உதவின அதிகாரிக்கும் பேரைச் சொல்லி நன்றி போடலாமா?

கைக்கடன் கொடுத்தவரைப் பொதுவில் சொல்லவே வேண்டாம். தொகை சொல்லாவிட்டாலும் "தக்க சமயத்தில் கைகொடுத்தார்" என்ற வரியே போதும், அடுத்த வாரம் அவர் வீட்டு வாசலில் வேறு இரண்டு பேர் நிற்பார்கள். அவருக்கான நன்றி, சொன்ன தேதியில் பணம்.

அதிகாரி விஷயத்தில் அலுவலகத்தைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். "நாகர்கோவில் மாவட்டத் தொழில் மையத்தில் திட்ட அறிக்கையை இரண்டு முறை திருத்தித் தந்தார்கள்" என்றால் படிக்கிற இன்னொருவருக்கு அங்கே போகலாம் என்ற தகவலும் கிடைக்கும். தனி அதிகாரியின் பெயரும் படமும் வாட்ஸாப்பில் சுற்றினால், உங்களுக்கு மட்டும் சலுகை செய்தாரோ என்ற கேள்வி அவர்மேல் விழும். அவருக்குச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய மேலதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கோப்பில் தங்கும்.

மார்த்தாண்டம் தேன்னா புவிசார் குறியீடு இருக்கே, அதைப் போடலாம்ல? உடம்புக்கு நல்லதுன்னும் ரெண்டு வரி சேர்க்கலாம்ல?

மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உண்மை. ஆனால் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தக் குறியீட்டைத் தன் சரக்குக்குப் பயன்படுத்த ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு முடியாமல் முத்திரையை லேபிளிலோ செய்தியிலோ போட்டால், ஊருக்கே கிடைத்த பெருமையைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டதுபோல ஆகும். சட்டச் சிக்கலும் வரும். "அருமனை, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வைத்த பெட்டிகளில் எடுத்தது" என்று இடத்தைச் சொல்வது, உண்மையாக இருக்கும்வரை, உங்கள் உரிமை.

நோய் தீர்க்கும் என்ற வரி எதுவும் வேண்டாம். உணவுப் பொருளை வைத்து நோயைக் குணப்படுத்தும் என்று சொல்வதை 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் தடுக்கின்றன. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய்வரை உண்டு. சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய வாட்ஸாப்தானே என்று எண்ண வேண்டாம். அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகும் என்பது உங்கள் வசத்தில் இல்லை. சர்க்கரை நோயுள்ள பெரியம்மா அதை நம்பித் தினம் இரண்டு கரண்டி சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். அது செய்தியில் தேவையில்லை.

குடும்ப குரூப், பழைய ஸ்கூல் குரூப், சர்ச் குரூப் எல்லாத்துலயும் ஒரே நேரத்துல போட்டுடலாமா?

குரூப்பில் போட்டால் முதல் "வாழ்த்துகள்" விழுந்த பிறகு நூறு கைகூப்பும் படங்கள் வரும். உங்கள் செய்தி மேலே போய்விடும், அண்ணாச்சியின் பெயரை யாரும் படித்திருக்க மாட்டார்கள். உங்களுக்கும் எது யாருடைய உண்மையான பதில் என்று தெரியாது.

வாட்ஸாப்பின் `New broadcast` வழி இதற்குப் பொருத்தமானது. ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டுமே வரும். ஒரு கட்டுப்பாடு உண்டு: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். வளைகுடாவுக்குப் போய் எண் மாற்றிய கொச்சண்ணன்மார், பத்து வருடமாகப் பேசாத பள்ளித் தோழர்கள் பலருக்கு இது வராது. அனுப்பி ஒரு நாள் கழித்து, செய்தியை அழுத்திப் பிடித்து `Info` பார்த்தால் யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரியும். அவர்களுக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். அப்போது முதல் வரி "எப்படி இருக்கீங்க" என்று இருக்கட்டும். பல வருடம் கழித்து வரும் முதல் செய்தி கடை விளம்பரமாக இருந்தால் யாருக்கும் கசக்கும்.

பணம் அனுப்பும் க்யூஆர் படத்தை இந்தச் செய்தியோடு சேர்க்கவே கூடாது. அதைப் பார்த்ததும் மேலே உள்ள நன்றி முழுவதும் முன்னுரையாகத் தெரியும்.

ஞாயிறு காலை வேண்டாம். பாதி மாவட்டம் ஆராதனையில் இருக்கும். மாலை ஏழு மணி நல்லது. சவூதியிலும் குவைத்திலும் அப்போது மாலை நாலரை.

லிங்க்ட்இன்ல பழைய ஆபீஸ்காரங்க இருக்காங்க. அங்கேயும் இதையே ஒட்டிடலாமா?

அங்கே சித்தியும் பின்னறையும் வேண்டாம். ஷிஃப்ட் பார்த்த நண்பர் விஷயம் இன்னும் வேண்டாம். இரண்டு பேர் தங்களுக்குள் செய்துகொண்ட மாற்றத்தை மேலாளர் அந்தப் பதிவில்தான் முதன்முதலாக அறிவார். பழைய வேலையில் கற்றதில் எது இங்கே பயன்படுகிறது என்பதைச் சொல்லி, அதைக் கற்றுத் தந்தவருக்கு நன்றி சொல்லுங்கள். மென்பொருள் சோதனையில் இருந்தவர் என்றால், ஒவ்வொரு வாளிக்கும் தேதி, தோட்டம், எடை எழுதும் பதிவேடு அங்கிருந்து வந்த பழக்கம் என்று எழுதலாம்.

வாடிக்கையாளர் நிறுவனங்களின் பெயர் எதையும் எழுதாதீர்கள். பணி நியமனக் கடிதத்தில் ரகசியக் காப்புப் பிரிவு இருக்கும். கடைசி வேலைநாளுக்கு முன் பதிவு போடுவதும் தப்பு.

இன்னொரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்க்கும். சுயவிவரத்தில் புதுப் பதவியைச் சேர்க்கும்போது `Notify network` என்ற பொத்தான் திறந்திருந்தால், நீங்கள் எழுதும் முன்பே தளம் தானாக அறிவித்துவிடும். "நிறுவனர், முதன்மைச் செயல் அதிகாரி" என்று நீங்கள் சும்மா நிரப்பிய பதவி எல்லோருக்கும் போகும், நன்றி எதுவும் இல்லாமல். அதை மூடிவிட்டுச் சேமியுங்கள். பதவிக்கு "தேன் கடை நடத்துகிறேன்" என்றே போடலாம். ஒரே ஆள் இருக்கும் கடையில் முதன்மைச் செயல் அதிகாரி யாருக்கு முதன்மை?

எனக்குக் கடை இல்ல, புது வேலைதான் கிடைச்சிருக்கு. மாத்தம் உண்டா?

சேர்ந்த பிறகு எழுதுங்கள், முதல் வாரம் கழியட்டும். கடிதம் கையில் இருப்பதும் வேலையில் இருப்பதும் ஒன்றில்லை. இடையில் பின்வாங்கிய நிறுவனங்கள் உண்டு. கடிதத்தின் படமும் அடையாள அட்டையின் படமும் வேண்டாம், அவற்றில் எண்கள் இருக்கின்றன. சம்பளத்தைப் பற்றி மறைமுகமாகக்கூட ஒரு சொல் வேண்டாம். விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தியவர், மாதிரி நேர்காணல் நடத்தியவர், காலியிடம் இருப்பதைச் சொன்னவர் என்று மூன்று பேர் கிடைத்தால் செய்தி முடிந்தது.

பதில் போடறவங்களுக்கெல்லாம் என்ன சொல்றது?

வெறும் "வாழ்த்துகள்" வந்தால் வெறும் "நன்றி" போதும். ஒருவர் இரண்டு வரி எழுதியிருந்தால் நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள், அன்றைக்கே. "ஒரு பாட்டில் எடுத்து வை" என்றவருக்கு விலையையும் எப்போது தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சொந்தக்காரர் என்று மழுப்பினால் இலவசம் என்று எடுத்துக்கொள்வார், பிறகு கேட்பது இருவருக்கும் சங்கடம். "உனக்கு யார் சொல்லித் தந்தது, எண் கொடு" என்று ஒருவர் கேட்டால், அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முதல் வடிப்பில் ஒரு பாட்டில் ஆற்றூருக்கு, ஒன்று சித்தி வீட்டுக்கு, ஒன்று அந்தப் பெயர் வேண்டாத நண்பருக்கு. அதைக் கொடுக்கும்போது படம் எடுத்துப் போட வேண்டாம்.